வங்கியில் 60 லட்சம் இருக்கும்போதே எழுத வேண்டிய கடிதம்

2013 செப்டம்பர் நடுவில், அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் இருந்த நிர்வானிக்ஸ் என்ற நிறுவனம் தன் வாடிக்கையாளர்களுக்கு ஒரு சேதி சொன்னது. கம்பெனியை மூடப்போகிறோம், உங்கள் கோப்புகளை மாதக் கடைசிக்குள் எடுத்துக்கொண்டு போய்விடுங்கள். இருந்தது இரண்டே வாரம்.

நிர்வானிக்ஸ் ஒரு கிட்டங்கி மாதிரி. பெரிய கம்பெனிகள் தங்கள் கோப்புகளை இணையம் வழியே அனுப்பி அங்கே அடுக்கி வைத்திருந்தன. முதலீட்டாளர்களிடம் சுமார் 7 கோடி டாலர் வாங்கிய நிறுவனம் அது. இரண்டு வாரம் போதாதா என்று நமக்குத் தோன்றலாம். ஒரு சின்னக் கணக்கு போட்டால் சங்கதி புரியும். ஒரு வாடிக்கையாளர் ஒரு பெட்டாபைட், அதாவது 10 லட்சம் ஜிபி வைத்திருந்தார் என்று கொள்வோம். நொடிக்கு ஒரு கிகாபிட் வேகமுள்ள இணைப்பில், இரவு பகல் நிற்காமல், ஒரு தடங்கலும் இல்லாமல் இறக்கினாலும் அது முடிய 92 நாள் ஆகும். இரண்டு வாரத்தில் ஆறில் ஒரு பங்குகூட வந்து சேராது. அதுவும் அந்தக் குழாயில் அவர் ஒருவர் மட்டும் இறக்கினால்தான். எல்லா வாடிக்கையாளரும் ஒரே சமயத்தில் வாசலில் வந்து நின்றால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பிறகு கெடுவை அக்டோபர் 15 வரை நீட்டினார்கள். ஆனால் அக்டோபர் 1ஆம் தேதியே நிறுவனம் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போய்விட்டது.

அதற்கு அடுத்த மாதம், நவம்பர் 5ஆம் தேதி, சான் பிரான்சிஸ்கோவில் இன்னொரு சின்ன நிறுவனமும் மூடுவிழா அறிவித்தது. பெயர் எவர்பிக்ஸ். வீட்டில் இருக்கும் கணினி, போன், பழைய ஹார்டு டிஸ்க் என்று சிதறிக் கிடக்கும் புகைப்படங்களை எல்லாம் ஓரிடத்தில் சேர்த்து, தானாகவே ஒழுங்குபடுத்திக் கொடுக்கும் சேவை. மாதம் 4.99 டாலர், வருடத்துக்கு 49 டாலர். சுமார் 55,000 பேர் பதிவு செய்திருந்தார்கள். அவர்களில் 6,800 பேர் காசு கொடுத்தவர்கள். இலவசமாக நுழைந்தவர்களில் எட்டில் ஒருவர் பணம் கட்டுவது இந்தத் தொழிலில் அபூர்வம். ஆனாலும் அந்த வரவு போதவில்லை. வாங்கிய முதலீடு தீர்ந்தது. புதிய முதலீடு கிடைக்கவில்லை, வாங்கிக்கொள்ள ஆளும் கிடைக்கவில்லை. அமேசானுக்குக் கட்டவேண்டிய சர்வர் பில் 35,000 டாலர் வாசலில் நின்றது.

அவர்கள் எழுதிய அறிவிப்பில் காரணம் இரண்டே வரியில் இருந்தது: வளரத் தேவையான பணம் திரட்ட முடியவில்லை, வேறு நிறுவனத்தோடு சேரும் முயற்சியும் கைகூடவில்லை. மீதியெல்லாம் அடுத்து என்ன நடக்கும் என்பது. இனி புதிய படங்கள் ஏறாது. இருப்பதைப் பார்க்கலாம், எடுக்கலாம். சந்தாப் பணம் திரும்ப வரும். டிசம்பர் 15 அன்று சேவை நிற்கும். 40 நாள் அவகாசம். அதற்குப் பிறகு அந்த நிறுவனர்கள் செய்ததுதான் விசித்திரம். வரவு செலவு, பயனர் எண்ணிக்கை, முதலீட்டாளர்கள் மறுத்து எழுதிய பதில்கள் என்று கம்பெனியின் உள்விவகாரத்தையே கிட்ஹப் தளத்தில் எல்லோரும் பார்க்கும்படி போட்டுவிட்டார்கள். தோற்றவர்கள் கணக்குப் புத்தகத்தைத் திறந்து காட்டியது அப்போது பலருக்கு அதிர்ச்சி. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது அந்த 40 நாள்தான்.

இரண்டு நிறுவனமும் இணையத்தில் கோப்பு வைத்துக்கொள்ளும் தொழிலில் இருந்தவை. அடுத்தடுத்த மாதங்களில் மூடியவை. நிர்வானிக்ஸ் வாங்கிய முதலீட்டோடு ஒப்பிட்டால் எவர்பிக்ஸ் ஏழை. ஆனால் அந்த ஏழைதான் கௌரவமாக விடைபெற்றது. மொழித் திறமையால் வந்த வித்தியாசம் இல்லை இது. மூடும் கடிதத்தில் என்ன எழுத முடியும் என்பதை அது எழுதப்படும் நாளில் வங்கியில் இருக்கும் பணமே முடிவு செய்கிறது. தேதி கொடுப்பதற்குச் சர்வர் வாடகை வேண்டும். மீதிச் சந்தாவைத் திருப்பித் தருவதற்கு ரொக்கம் வேண்டும். கேள்விகளுக்குப் பதில் சொல்ல சம்பளத்தில் ஆள் வேண்டும். மூன்றும் தீர்ந்த பிறகு எழுதினால் அந்தக் கடிதத்தில் மிஞ்சுவது நன்றி மட்டும்தான். நன்றிக்குச் செலவில்லை.

நம் ஊர்ப்பக்கம் எல்லோரும் பார்த்த ஒரு மூடுவிழா, கூ. 2020இல் பெங்களூரில் அப்ரமேய ராதாகிருஷ்ணாவும் மயங்க் பிடாவட்காவும் தொடங்கிய சமூக வலைதளம். தமிழ், கன்னடம், இந்தி என்று பத்துக்கும் மேற்பட்ட மொழிகளில் பேசிய மஞ்சள் குருவி. 2024 ஜூலை 3 அன்று நிறுவனர்கள் லிங்க்ட்இன்னில் விடைபெற்று எழுதினார்கள். பெரிய இணைய நிறுவனங்கள், ஊடகக் குழுமங்கள் பலவற்றோடு பேசிப் பார்த்ததையும் எதுவும் கனியாததையும் சொன்னார்கள். சிலர் கையெழுத்துப் போடும் நேரத்தில் பின்வாங்கியதையும் மறைக்கவில்லை. இப்படி ஒரு செயலியை ஓட்டிக்கொண்டே இருக்க ஆகும் தொழில்நுட்பச் செலவு கட்டுப்படியாகவில்லை என்பதுதான் மூடக் காரணம். உச்சத்தில் தினமும் 21 லட்சம் பேர், மாதத்தில் சுமார் ஒரு கோடிப் பேர் வந்துபோன இடம் அது. 2022இல் இந்தியாவில் ட்விட்டரை முந்தச் சில மாதமே பாக்கி இருந்தது என்பது அவர்கள் சொல்லும் கணக்கு.

நேர்மையான கடிதம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதன் முகம் பெரும்பாலும் தொழில் உலகத்தைப் பார்த்து இருந்தது. முதலீட்டுப் பஞ்சம், வளர்ச்சிக் கணக்கு, கனவு, குழுவுக்கு நன்றி. கூ இலவசச் செயலி. யாரும் முன்பணம் கட்டியிருக்கவில்லை. அதனால் அப்படி ஒரு கடிதம் தாங்கும். வாடிக்கையாளர் ஒரு வருடச் சந்தாவை முன்கூட்டிக் கட்டியிருக்கும் கம்பெனிக்கு அந்தச் சலுகை கிடையாது. சென்னையிலும் கோவையிலும் மென்பொருள் விற்கும் சின்ன நிறுவனங்களில் பல அந்த ரகம்தான்.

அப்படி ஒன்றைக் கற்பனையாக எடுத்து, பேனாவும் காகிதமுமாக உட்கார்ந்து பார்ப்போம். கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் தரும் நிறுவனம். 600 கடைகள். ஜிஎஸ்டி நீங்கலாக ஒரு கடைக்கு ஆண்டுச் சந்தா 12,000 ரூபாய். ஆண்டு முழுக்கப் பரவலாகச் சேர்ந்த கடைகள் என்பதால் மாதம் 50 கடைகள் சந்தாவைப் புதுப்பிக்கும். வரவு 6 லட்சம். செலவைப் பார்த்தால், 14 பேருக்குச் சம்பளம் 9 லட்சம், சர்வர் ஒன்றரை லட்சம், அலுவலகம் ஒரு லட்சம், சில்லறை அரை லட்சம். ஆக 12 லட்சம். மாதம் 6 லட்சம் துண்டு விழுகிறது. வங்கியில் 60 லட்சம் இருக்கிறது.

எந்த நிறுவனரைக் கேட்டாலும் உடனே சொல்வார்: இன்னும் 10 மாதம் தாங்கும் சார். அதற்குள் ஒரு முதலீட்டாளர் வந்துவிடுவார்.

இனி மூடுவதற்கு என்ன ஆகும் என்று பார்ப்போம். கடைக்காரர்களுக்கு வேறு மென்பொருளுக்கு மாற மூன்று மாதம் கொடுக்கவேண்டும். அறிவித்த நிமிடமே புதிய சந்தா வாங்குவதை நிறுத்தவேண்டும். பல நிறுவனர்கள் மறக்கும் இடம் இதுதான்: அறிவிப்புக்குப் பிறகு மாதம் 6 லட்சம் வரவு நின்றுபோகும், செலவு நிற்காது. ஊழியர்கள் எல்லோருக்கும் இரண்டு மாதச் சம்பளம் 18 லட்சம். மூன்றாம் மாதம் நான்கு பேராவது இருந்தால்தான் வேலை நடக்கும். அதற்கு 3 லட்சம். விலகல் தொகைக்கும் மீதி விடுப்புக்கான காசுக்கும் 6 லட்சம் என்று வைப்போம். மூன்று மாதச் சர்வர் நாலரை லட்சம், அலுவலக வாடகை 3 லட்சம், ஆடிட்டர், வரித் தாக்கல், பதிவாளர் அலுவலக வேலைகளுக்கு 3 லட்சம்.

பிறகு சந்தா. மூன்று மாதம் முடியும்போது 600இல் 450 கடைகளுக்குச் சந்தாக் காலம் இன்னும் பாக்கி இருக்கும். சராசரியாக ஒவ்வொன்றுக்கும் நாலரை மாதம். மாதம் ஆயிரம் ரூபாய் வீதம் திருப்பித் தரவேண்டியது 20 லட்சத்து 25 ஆயிரம்.

எல்லாம் கூட்டினால் 57 லட்சத்து 75 ஆயிரம். அதாவது 10 மாதம் தாங்கும் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கும் அந்த நாள்தான், கௌரவமாகக் கடிதம் எழுதக் கடைசி நாள். இன்னும் ஐந்து மாதம் பார்க்கலாம் என்று தள்ளினால் வங்கியில் 30 லட்சம் மிஞ்சும். கடன் அப்படியே 58 லட்சத்தை ஒட்டி நிற்கும். போதாக்குறைக்கு அந்த ஐந்து மாதத்தில் இன்னும் 250 கடைகளிடம் முழு வருடச் சந்தா வாங்கிப் போட்டிருப்பார்.

இந்த இடத்தில் சட்டத்தின் வரிசை ஒன்றை அறிந்துகொள்ள வேண்டும். நிறுவனம் கடனைத் தீர்க்க முடியாமல் கலைக்கப்பட்டால், இருக்கும் சொத்தை யாருக்கு முதலில் தருவது என்பதை 2016ஆம் ஆண்டு திவால் சட்டத்தின் 53ஆம் பிரிவு சொல்கிறது. கலைக்கும் நடைமுறைக்கான செலவு முதலில். அடுத்து தொழிலாளர் பாக்கியும் அடமானம் வாங்கிக் கடன் கொடுத்தவர்களும். பிறகு மற்ற ஊழியர்களின் சம்பளம், பிறகு அடமானமில்லாத நிதிக் கடன், பிறகு அரசாங்கத்தின் பாக்கி. இவர்களெல்லாம் வாங்கிக்கொண்ட பிறகுதான் பிற கடன்கள். பில்லிங் மென்பொருளுக்கு முன்பணம் கட்டிய மளிகைக் கடைக்காரர் நிற்கும் இடம் அது. அவருக்குப் பின்னால் பங்குதாரர்கள் மட்டுமே. அந்த வரிசையில் அவர் முறை வரும்போது கையில் ஏதாவது இருந்தால் அது அதிசயம். மீள வழியில்லை என்று தெரிந்தோ, தெரிந்திருக்க வேண்டிய நிலையிலோ, கடன்காரர்களின் நஷ்டத்தைக் குறைக்க இயக்குநர் முயலவில்லை என்றால் அவரையே சொந்தப் பொறுப்பாளியாக்க அதே சட்டத்தின் 66ஆம் பிரிவில் வழி இருக்கிறது. ஆகவே 60 லட்சம் இருக்கும்போது கடிதம் எழுதுவது பெருந்தன்மை மட்டும் இல்லை, தற்காப்பும்கூட.

சரி, எழுத உட்கார்ந்துவிட்டார் என்று வைப்போம். அவர் முதலில் செய்யவேண்டியது எழுதுவது இல்லை. காலையில் ஊழியர்களை உட்காரவைத்துச் சொல்லவேண்டும். அவர்கள் வாட்ஸ்அப்பில் படித்துத் தெரிந்துகொள்ளக் கூடாது. கிளைகள் அதிகம் வைத்திருக்கும் பத்துப் பதினைந்து கடைக்காரர்களை அன்றே போனில் பிடித்துப் பேசவேண்டும். அதே நாளில் புதுப்பிப்புக்கான தானியங்கிப் பிடித்தங்களை, அந்த யுபிஐ ஆட்டோபே சமாச்சாரத்தை, நிறுத்திவிட வேண்டும். மூடுகிறோம் என்ற கடிதம் காலையிலும் சந்தாப் பிடித்தம் என்ற எஸ்எம்எஸ் மாலையிலும் வந்தால், கடிதத்தில் என்ன எழுதியிருந்தாலும் யாரும் நம்பமாட்டார்கள்.

கடிதம் ஏறக்குறைய இப்படி இருக்கலாம்.

“வணக்கம். எங்கள் பில்லிங் மென்பொருள் வரும் ஆகஸ்ட் 31ஆம் தேதியோடு நிற்கிறது. கம்பெனியை மூடுகிறோம்.

ஆகஸ்ட் 31 இரவு வரை இப்போது போலவே பில் போடலாம். எதுவும் மாறாது. அதற்குப் பிறகு உள்ளே நுழைய முடியாது. இன்றிலிருந்து யாரிடமும் புதிதாகப் பணம் வாங்க மாட்டோம். உங்கள் ஆட்டோபேயை நாங்களே ரத்து செய்துவிட்டோம்.

செப்டம்பர் 1க்குப் பிறகு உங்கள் சந்தாவில் மீதி இருக்கும் மாதங்களுக்கான தொகை ஜூலை 15க்குள் உங்கள் கணக்கில் வந்துவிடும். உங்களுக்கு எவ்வளவு என்பதை இந்தக் கடிதத்தின் அடியில் தனியாகப் போட்டிருக்கிறோம். இதற்காக எங்களிடமிருந்து யாரும் உங்களிடம் ஓடிபி கேட்கமாட்டார்கள். கேட்டால் அது நாங்கள் இல்லை.

உங்கள் பில்கள், சரக்கு இருப்பு, வாடிக்கையாளர் பாக்கிப் பட்டியல் மூன்றையும் எக்செல்லில் திறக்கும் கோப்பாக இன்றே இறக்கிக்கொள்ளலாம். ஜூலை மாதமே ஒருமுறை இறக்கிச் சரிபாருங்கள். கடைசி வாரம் வரை காத்திருக்க வேண்டாம். செப்டம்பர் 30 அன்று உங்கள் தரவுகளை எங்கள் சர்வரிலிருந்து முழுவதுமாக அழித்துவிடுவோம். யாருக்கும் விற்கமாட்டோம், கொடுக்கமாட்டோம். அந்தத் தேதிக்குள் இறக்க மறந்தவர்கள் எழுதினால் எடுத்து அனுப்புகிறோம். அதன் பிறகு எங்களாலும் முடியாது.

ஏன் மூடுகிறோம் என்று கேட்பீர்கள். மாதம் ஆகும் செலவில் பாதிதான் வரவாக வந்தது. விலையை இருமடங்காக்கினால் நீங்கள் இருக்கமாட்டீர்கள் என்று தெரியும். வெளியிலிருந்து முதலீடு தேடினோம், கிடைக்கவில்லை. முடிவு என்னுடையது, என் குழுவின் வேலையில் குறை இல்லை.

ஆகஸ்ட் 31 வரை இதே போன் எண்ணில் நான்கு பேர் இருப்போம். அதில் நானும் ஒருவன்; செப்டம்பர் 30 வரை நான் இருப்பேன். நீங்கள் கடையைத் திறக்கும் முன்பே போன் செய்து தவறுகளைச் சொன்னவர்கள். அதில்தான் இந்த மென்பொருள் வளர்ந்தது. நன்றி.”

இதில் கவனிக்கவேண்டியது வரிசை. மூடுகிறோம் என்பது முதல் பத்தியிலேயே வந்துவிடுகிறது. பல நிறுவனர்கள் இதை ஐந்தாவது பத்தியில் வைப்பார்கள்; அதுவரை பயணம், கனவு, முதல் அலுவலகத்தில் ஒழுகிய கூரை. கல்லாவில் நின்றபடி போனில் படிக்கும் கடைக்காரர் அவ்வளவு தூரம் வரமாட்டார். ஏதோ விளம்பரம் என்று தள்ளிவிடுவார். ‘புதிய அத்தியாயம்’, ‘அடுத்த கட்டம்’ என்று தலைப்பு போட்டால் திறக்கவே மாட்டார். மின்னஞ்சல் தலைப்பிலேயே தேதி இருக்கவேண்டும்: ஆகஸ்ட் 31க்குப் பிறகு பில் போட முடியாது. அதோடு ஒருமுறை அனுப்பினால் போதாது. மின்னஞ்சலைத் திறக்கும் பழக்கமே இல்லாத கடைகள் இருக்கும். பில் போடும் திரையிலேயே மேலே ஒரு மஞ்சள் பட்டையில் தேதியைப் போட்டுவிடுவது நல்லது. எந்தக் கடை இன்னும் கோப்பை இறக்கவில்லை என்பது சர்வரில் தெரியும். ஆகஸ்ட் தொடங்கியதும் அந்தப் பட்டியலை எடுத்து ஒவ்வொருவராகப் போன் செய்வதுதான் மிஞ்சிய நான்கு பேரின் முக்கிய வேலை.

காரணம் சொல்லும் பத்தியும் கடினமானது. சுருக்கினால் மறைப்பதாகத் தோன்றும், நீட்டினால் புலம்பலாகிவிடும். சந்தை நிலவரம், கொரோனா, பெரிய போட்டியாளர் என்று வெளியில் கைகாட்டும் கடிதங்களை வாடிக்கையாளர் நம்புவதில்லை. அவரும் ஒரு கடை நடத்துகிறவர். வரவு பாதி, செலவு முழுசு என்றால் அவருக்கு ஒரு நொடியில் விளங்கும்.

பணம் திருப்பித் தருவதில் ஒரு சிக்கல் உண்டு. வந்த வழியே திருப்பி அனுப்பினால் சுலபம்தான். ஆனால் பல மாதம் பழசான கட்டணங்களை அப்படித் திருப்ப பேமென்ட் கேட்வே பல நேரம் இடம் கொடுக்காது. அப்போது கடைக்காரரின் வங்கிக் கணக்கு எண் வாங்கி நேரே அனுப்பவேண்டும். 450 பேரிடம் கணக்கு எண் வாங்குவது ஒரு மாத வேலை. ஆகவே ஜூலை 15 என்று கடிதத்தில் தேதி போடுமுன் இதைச் சோதித்திருக்க வேண்டும். இன்னொன்று, மூடுகிறார்கள் என்ற செய்தி காதில் விழுந்ததும் வரவேண்டிய பாக்கியைக் கேட்வே நிறுத்திவைப்பதும் நடக்கும். முன்கூட்டியே பேசி, பணத்தை வங்கிக்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் கடிதத்தை வெளியிடவேண்டும்.

தரவை விற்கமாட்டோம் என்ற வரி சும்மா மரியாதைக்கு எழுதுவது இல்லை. டாய்ஸ்மார்ட் என்று ஒரு அமெரிக்க பொம்மைக் கடை இணையத்தில் இருந்தது. 2000ஆம் ஆண்டு மூடியபோது, வேறு யாருக்கும் தரமாட்டோம் என்று வாக்குக் கொடுத்து வாங்கிய வாடிக்கையாளர் பட்டியலையும் விற்பனைக்கு வைத்தார்கள். பெயர், முகவரி, குழந்தைகளின் பிறந்த தேதி எல்லாம் அதில் இருந்தன. அமெரிக்க வணிக ஆணையம் வழக்குப் போட்டது. கடைசியில் அந்தப் பட்டியல் அழிக்கப்பட்டது. மூடும் கம்பெனியிடம் விற்க மிஞ்சுவது பல நேரம் அந்தப் பட்டியல் மட்டும்தான்; அதனால்தான் அழிக்கும் தேதியைக் கடிதத்திலேயே எழுதிக் கையைக் கட்டிக்கொள்வது நல்லது.

கோப்பு இறக்கும் வசதியில்தான் பெரும்பாலான மூடுவிழாக்கள் சறுக்குகின்றன. பொத்தான் இருக்கும், அழுத்தினால் ஏதோ ஒரு கோப்பும் வரும். திறந்து பார்த்தால் பில் எண்ணும் தொகையும் இருக்கும். எச்எஸ்என் குறியீடோ வரி விகிதமோ வாங்கியவரின் ஜிஎஸ்டி எண்ணோ இருக்காது. பிடிஎஃப் கோப்புகளாக ஆயிரக்கணக்கில் கொட்டிவிடுகிறவர்களும் உண்டு. அதைக் கண்ணால் பார்க்கலாம், வேறு மென்பொருளில் ஏற்ற முடியாது. இந்தக் கோப்பு கடைக்காரருக்கு அடுத்த மாதத்துக்கு மட்டும் தேவைப்படுவதில்லை. ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குப் பதிவுகளை அந்த ஆண்டின் வருடாந்தர ரிட்டர்ன் தாக்கல் செய்யவேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். ஆறு வருடம். மென்பொருள் கம்பெனி மூடிவிட்டது என்று அதிகாரியிடம் சொன்னால் செல்லாது.

கோப்பு சரியாக வந்திருக்கிறதா என்று கடைக்காரரே சோதிக்க ஒரு வழி உண்டு. ஏதாவது ஒரு மாதத்தை, வியாபாரம் அதிகமான தீபாவளி மாதத்தை, எடுத்துக்கொள்ளலாம். இறக்கிய கோப்பில் அந்த மாதத்தின் பில்களை எண்ணி, வரித் தொகையைக் கூட்டவேண்டும். அதே மாதத்துக்கு ஜிஎஸ்டி தளத்தில் தாக்கல் செய்த ஜிஎஸ்டிஆர்-1 கணக்கோடு ஒப்பிடவேண்டும். இரண்டும் ஒத்துப்போனால் நிம்மதி. ஒரு பில் குறைந்தாலும், பெரும்பாலும் ரத்து செய்த பில்லோ சரக்குத் திரும்பி வந்த கிரெடிட் நோட்டோ கோப்பில் விடுபட்டிருக்கும். மென்பொருள் கம்பெனியில் ஆள் இருக்கும்போதே போன் செய்து சொன்னால் சரி செய்துவிடலாம். ஜூலையிலேயே ஒருமுறை இறக்கிப் பாருங்கள் என்று கடிதத்தில் எழுதியது அதற்காகத்தான்.

செப்டம்பர் 30 அன்று சர்வரை அணைத்த பிறகும் நிறுவனருக்கு வேலை முடிவதில்லை. கம்பெனி என்பது சட்டத்தின் கண்ணில் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. ஜிஎஸ்டி பதிவை ரத்து செய்து, அதற்கான இறுதி ரிட்டர்னை மூன்று மாதத்துக்குள் தாக்கல் செய்யவேண்டும். ஊழியர்களுக்கு வருங்கால வைப்பு நிதியில் விலகிய தேதியைப் பதிந்து கொடுக்கவேண்டும்; இதை மறந்தால் அவர்கள் பணத்தை எடுக்கவும் மாற்றவும் சிரமப்படலாம். கடன் எதுவும் பாக்கியில்லை என்றால் கம்பெனிகள் சட்டத்தின் 248ஆம் பிரிவின்படி பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கக் கேட்கலாம். தொழில் நின்றதும் உடனே கேட்க முடியாது. சட்டம் சொல்லும் காலம் கழியவேண்டும். எஸ்டிகே-2 என்ற விண்ணப்பம், 10,000 ரூபாய் கட்டணம், பின்னால் ஏதாவது பாக்கி கிளம்பினால் நாங்கள் பொறுப்பு என்று ஒவ்வொரு இயக்குநரும் கொடுக்கும் உறுதிப் பத்திரம். 2023 மே மாதத்திலிருந்து இந்த விண்ணப்பங்களைப் பார்ப்பதற்கென்றே ஹரியானாவின் மானேசரில் சி-பேஸ் என்ற தனி மையம் இருக்கிறது. ஆட்சேபம் இருந்தால் 30 நாளுக்குள் சொல்லலாம் என்று அறிவிப்பு வெளியிடுவார்கள்.

நிறுவனம் மூடிய பிறகும் இணைய முகவரியையும் அதோடு சேர்ந்த மின்னஞ்சலையும் விட்டுவிடக் கூடாது. இரண்டு மூன்று வருடத்துக்குப் பணம் கட்டி வைத்துக்கொள்வது நல்லது. செலவு சில ஆயிரம்தான். காலாவதியாகி வேறு யாரோ அந்த முகவரியை வாங்கினால், பழைய வாடிக்கையாளர்கள் அந்த முகவரிக்கு அனுப்பும் கடிதமெல்லாம் அவர் கைக்குப் போகும். உங்கள் சந்தாப் பணம் திரும்ப வரவேண்டியிருக்கிறது, ஓடிபி சொல்லுங்கள் என்று அவர் அதே பெயரில் எழுதினால் 600 கடைகளில் சிலராவது சொல்லிவிடுவார்கள்.

அந்தப் பழைய மின்னஞ்சல் பெட்டியில் எப்போதாவது ஒரு கடிதம் வரும். ஒரு கடைக்காரர், மூன்று வருடத்துக்கு முந்தைய மார்ச் மாதப் பில் ஒன்று கிடைக்குமா என்று கேட்டிருப்பார். எல்லாம் அழித்தாகிவிட்டது, நீங்கள் ஜூலையில் இறக்கிய கோப்பில் அது இருக்கும், எக்செல்லில் திறந்து மார்ச் என்று தேடுங்கள் என்று பதில் எழுதவேண்டியிருக்கும்.